பூனைக்கண்ணில் நீலச் சாயம் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன்பு, கொங்குப் பகுதியின் ஒரு சிறு நகரத்தில் கண் பரிசோதகராக நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை அதன் தாயும் அப்பத்தாவும் அழைத்து வந்தார்கள். குழந்தை தரையில் கிடந்த சிறு காகிதத் துண்டைக்கூடக் குனிந்து எடுத்தது. பார்வைக் குறை இருப்பதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. அவர்கள் வந்த காரணம் வேறு. மாநிறத்துக்கும் சற்றுக் கறுத்த அந்த முகத்தில் இரண்டு கண்களும் பளீரென்ற நீல நிறத்தில் இருந்தன.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தாங்க. எங்க பரம்பரைல யாருக்கும் இப்படிக் கண்ணு இல்லைங்க" என்றார் அப்பத்தா. அந்தச் சொல்லுக்குள் மருமகளைக் குறித்த ஒரு சந்தேகம் மறைந்திருப்பதை நான் உணர்ந்தேன். அந்தப் பெண்ணும் உணர்ந்திருந்தாள் என்பது அவள் தலை தாழ்ந்திருந்த விதத்தில் தெரிந்தது. அந்தக் குழந்தையின் கண் ஏன் நீலமாக இருந்தது என்பதை அன்று அவர்களுக்குச் சொன்னதைவிட முழுமையாக எழுத வேண்டும் என்று நீண்ட நாள்களாக நினைத்திருந்தேன்.

முதலில் சொல்ல வேண்டியது, அந்த நீலக் கண்ணில் நீல நிறப் பொருள் எதுவும் இல்லை என்பதுதான். உலகில் எந்த மனிதக் கண்ணிலும் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது. இருப்பது மெலனின் என்னும் பழுப்பு நிறமி மட்டுமே. அதில் கரும்பழுப்பு, செம்மஞ்சள் என இரு வகைகள் உண்டு என்றாலும், கண்ணின் நிறத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது முதல் வகைதான். நம் தோலையும் முடியையும் கறுப்பாக்குவதும் அதுவே. அப்படியானால் ஒரே பழுப்பிலிருந்து நீலம் எப்படி வருகிறது? எவ்வளவு நிறமி இருக்கிறது என்று மட்டும் கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. அது எந்த அடுக்கில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

கண்பாவையைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையத்தைத்தான் ஐரிஸ் என்கிறோம். அதன் குறுக்களவு சுமார் 12 மில்லிமீட்டர். தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்குள் நிறத்தைப் பொறுத்தவரை இரண்டு பகுதிகளைப் பிரித்தறிந்தால் போதும். முன்பகுதி, தளர்வாகப் பின்னிய கொலாஜன் இழைகளும் அவற்றின் இடையே கிடக்கும் நிறமிச் செல்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கொண்ட பஞ்சு போன்ற திசு. பின்பகுதி, மெலனின் நெருக்கமாக நிறைந்த ஒரு மெல்லிய திரை. வெளிச்சம் கண்பாவை வழியாக மட்டுமே உள்ளே போக வேண்டும், ஐரிஸின் ஊடாகக் கசியக் கூடாது என்பதற்காக இயற்கை அமைத்த திரை அது. சுவீடன் நாட்டு நீலக் கண்ணாக இருந்தாலும் நம் ஊர்க் கருங்கண்ணாக இருந்தாலும், இந்தப் பின் திரை ஒரே மாதிரிக் கரும்பழுப்பாகவே இருக்கும். வேறுபாடு முழுவதும் முன்பகுதியில் உள்ள மெலனின் அளவில்தான் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு முன்பகுதியும் மெலனினால் நிறைந்திருக்கிறது. கண்ணுக்குள் நுழையும் வெளிச்சம் அந்தத் திசுவின் மேற்பரப்பைக் கடந்து ஆழத்துக்குப் போவதற்கு முன்பே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. திரும்பி வரும் சிறு பங்கு பழுப்பாகத் தெரிகிறது. ஸ்லிட் லேம்ப் என்னும் கருவியில், ஒல்லியான ஒளிக்கீற்றைச் சாய்வாகச் செலுத்திப் பார்க்கும்போது, "கருவிழி" என்று நாம் அழைப்பது உண்மையில் வெல்வெட்டுத் துணி போன்ற பழுப்பு என்பது தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பார்த்த கண்கள் அனைத்தும் பழுப்பாக இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது. கறுப்புக் கண் என்று ஒன்றை அந்தக் கருவியின் கீழ் நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது முன்பகுதியில் மெலனின் ஏறக்குறைய இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளொளி தடையின்றி அந்தப் பஞ்சுத் திசுவுக்குள் நுழைகிறது. அங்கே இருக்கும் நுண்ணிய கொலாஜன் இழைகள் ஒளியை உறிஞ்சுவதில்லை. சிதறடிக்க மட்டுமே செய்கின்றன. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், குறுகிய அலைநீளம் கொண்ட ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். சிதறல் அலைநீளத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கும் சற்று மேலாகச் சிதறுகிறது. ஆகவே நீலத்தின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பி நம்மை நோக்கி வருகிறது. சிவப்பும் மஞ்சளும் பெருமளவு நேராக உள்ளே செல்கின்றன.

அப்படி உள்ளே சென்ற சிவப்பும் மஞ்சளும் என்ன ஆகின்றன என்பதைப் பெரும்பாலான விளக்கங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அவை பின் திரையை அடைகின்றன. அங்கே இருக்கும் கரும்பழுப்பு மெலனின் அவற்றை விழுங்கிவிடுகிறது. அந்தத் திரை இல்லையென்றால் அவை கண்ணின் உள்ளே பட்டுத் திரும்பி வந்து, முன்னால் சிதறிய நீலத்தோடு கலந்துவிடும். அப்போது நாம் பார்ப்பது தூய நீலமாக இருக்காது. வெளிறிய சாம்பலோ இளஞ்சிவப்போ ஆகிவிடும். அதாவது, நீலக் கண் நீலமாகத் தெரிவதற்கும் பழுப்பு நிறமி தேவைப்படுகிறது. அது முன்னால் இல்லாமல் பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒன்றிரண்டு சொட்டுப் பால் மட்டும் விட்டுக் கலக்கி, கறுப்புத் துணியின் முன்னால் வைத்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீரில் மெல்லிய நீலம் ஓடும். அதே தம்ளருக்குப் பின்னால் வெள்ளைத்தாளை வைத்தால் அந்த நீலம் காணாமல் போய்விடும். ஊதுபத்திப் புகை கருமரக் கதவின் முன்னால் நீலமாகவும், வெளிச்சமான சன்னலின் முன்னால் மங்கிய பழுப்பாகவும் தெரிவது இதே காரணத்தால்தான். பொள்ளாச்சியிலிருந்து பார்க்கும்போது ஆனைமலைத் தொடர் நீலமாகத் தெரிவதற்கும் இதே கணக்குதான்: பின்னால் இருண்ட காடு, முன்னால் பல கிலோமீட்டர் காற்று. கிட்டே போனால் காடு பச்சையாகவும் பாறை கறுப்பாகவும் இருக்கும். நீலம் எங்கும் இருக்காது.

துகள்கள் பெரிதாகிவிட்டால் இந்த நீலம் வெளுத்துவிடும். நீலக் கண்ணை ஸ்லிட் லேம்பில் பார்க்கும்போது, நீலப் பரப்பின் குறுக்கே கதிர்கள் போல வெள்ளை நூல்கள் ஓடுவதைக் காணலாம். கொலாஜன் இழைகள் தடித்த கற்றைகளாகச் சேர்ந்திருக்கும் இடங்கள் அவை. அங்கே எல்லா அலைநீளங்களும் ஏறக்குறைய சமமாகச் சிதறுவதால் வெண்மை தோன்றுகிறது. வானம் நீலமாகவும் மேகம் வெள்ளையாகவும் இருப்பதற்கு நிகரான காட்சி அது. அரை மில்லிமீட்டர் தடிமனுக்குள் வானமும் மேகமும் சேர்ந்திருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கருவியை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மீண்டும் அந்தக் குழந்தைக்கு வருகிறேன். அவள் கண்ணைப் பார்த்தவுடன் எனக்கு எழுந்த முதல் கேள்வி, இது முன்பகுதியின் மெலனின் மட்டும் இல்லாத கண்ணா, அல்லது பின் திரையும் இல்லாத கண்ணா என்பதுதான். இரண்டாவதாக இருந்தால் அது அல்பினிசம் எனப்படும் பிறவி நிறமிக்குறை. அதில் உடலெங்கும் மெலனின் உருவாவதே குறைந்துவிடுவதால் பின் திரையும் வெளிறிவிடும். விழித்திரையின் மையம் சரியாக வளராததால் பார்வையும் குறையும். கண்கள் இடைவிடாமல் ஊசலாடும். இரண்டையும் பிரித்தறியும் சோதனை மிக எளிமையானது. அறையை இருட்டாக்கி, சிறிய ஒளிக்கீற்றைக் கண்பாவை வழியாக நேரே உள்ளே செலுத்த வேண்டும். விழித்திரையில் பட்டு அந்த ஒளி செந்நிறமாகத் திரும்பும். பின் திரை நன்றாக இருந்தால் கண்பாவை மட்டும் சிவப்பாக ஒளிரும், ஐரிஸ் இருட்டாகவே இருக்கும். திரை இல்லையென்றால், ஓட்டை விழுந்த கூரை வழியே வெயில் கசிவதைப் போல, ஐரிஸ் முழுவதிலும் செவ்வொளி கசியும்.

தாயின் மடியில் குழந்தையை உட்காரவைத்து, என் விரலில் மாட்டிய பொம்மையைக் காட்டி, மூன்றாவது முயற்சியில் அந்தக் காட்சியைப் பிடித்தேன். கண்பாவை சிவப்பாக ஒளிர்ந்தது; அதைச் சுற்றிய நீல வளையத்தில் ஒரு புள்ளி அளவு ஒளிகூடக் கசியவில்லை. கண்கள் ஊசலாடவும் இல்லை. எனவே பின் திரை முழுமையாக இருந்தது. முன்பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது.

ஒரே கண்ணில் ஒரு பகுதி மட்டும் நிறைந்து மற்றொன்று வெறுமையாக எப்படி இருக்க முடியும் என்று கேட்கலாம். இரண்டு பகுதிகளின் மெலனினும் வெவ்வேறு இடத்தில் பிறந்த செல்களால் ஆனது என்பதுதான் காரணம். பின் திரை, கருவில் மூளையிலிருந்து கிண்ணம் போல வெளியே வளரும் பகுதியிலிருந்து உருவாகிறது; அதன் செல்கள் இருந்த இடத்திலேயே மெலனினைத் தயாரித்துக்கொள்கின்றன. முன்பகுதியின் நிறமிச் செல்களோ, பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழாயின் விளிம்பில் பிறந்து, கருவின் உடல் வழியே நெடுந்தூரம் நகர்ந்து கண்ணுக்கு வந்து சேருபவை. அதே கூட்டத்தைச் சேர்ந்த செல்கள்தான் தோலுக்கும் முடிவேர்களுக்கும் செல்கின்றன. உள்காதுக்கும் செல்கின்றன. காதில் நிறத்துக்கு வேலை இல்லை என்றாலும், ஒலியை மின்சைகையாக மாற்றத் தேவையான பொட்டாசியம் மிகுந்த திரவத்தை உருவாக்கும் பகுதியில் அந்தச் செல்கள் இல்லாவிட்டால் காது கேட்காது.

இது நினைவுக்கு வந்ததும் நான் தாயின் பக்கம் திரும்பி, முக்காட்டைச் சற்று விலக்கச் சொன்னேன். நெற்றிக்கு நேர் மேலே, வகிட்டின் ஓரத்தில், ஒரு கற்றை முடி வெண்மையாக இருந்தது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான் என்றும், மை பூசி மறைப்பதாகவும் அவள் சொன்னாள். அவளுடைய கண்கள் நம் எல்லோரையும் போலப் பழுப்பாகவே இருந்தன. ஆனால் இரண்டு கண்களின் உள்மூலைகளும் வழக்கத்தைவிட விலகியிருந்தன. குழந்தைக்கும் அப்படியே. குழந்தை என்ன பேசுகிறாள் என்று கேட்டேன். இன்னும் பேச்சு வரவில்லை, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பேச்சு தாமதம்தான் என்றார் அப்பத்தா. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினேன், அவள் திரும்பவில்லை.

1951-இல் நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் பெட்ரஸ் வார்டன்பர்க் இந்த அறிகுறிகளை ஒன்றாகத் தொகுத்து விவரித்தார். அவர் பெயராலேயே இது வார்டன்பர்க் நோய்க்குறி எனப்படுகிறது. இடம்பெயரும் அந்தச் செல்களை வழிநடத்தும் மரபணுக்களில் ஒன்று பழுதுபடுவதால் இது நேர்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதுபட்ட ஒரு பிரதி வந்தாலே போதும். ஆனால் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு வெள்ளைக் கற்றை மட்டும் இருக்க, இன்னொருவருக்கு நீலக் கண்ணும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரலாம். மருத்துவர் பார்த்து உறுதி செய்து, காது மருத்துவரிடம் அனுப்பினார். இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் மிகக் குறைவாக இருந்தது. மூன்று ஆண்டுகளாக எல்லோரும் அந்தக் குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்கள்.

ஐரோப்பியர்களின் நீலக் கண்ணுக்குக் காரணம் இதுவன்று. அவர்களுடைய ஐரிஸில் நிறமிச் செல்கள் வந்து சேர்ந்துதான் இருக்கின்றன. எண்ணிக்கையிலும் பழுப்புக் கண்ணுக்குப் பெரிதாகக் குறைவில்லை. ஆனால் அந்தச் செல்கள் மெலனினை மிகக் குறைவாகவே தயாரிக்கின்றன. 15ஆம் குரோமோசோமில் ஓசிஏ2 என்றொரு மரபணு இருக்கிறது. மெலனின் தயாராகும் நுண்பைகளுக்குள் அமிலத்தன்மையைக் குறைக்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. அமிலம் மிகுந்தால் மெலனினைத் தயாரிக்கும் நொதி சரியாக வேலை செய்யாது. அந்த மரபணுவை முடுக்கிவிடும் விசை, பக்கத்திலுள்ள ஹெர்க்2 என்ற மரபணுவுக்குள் இருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தால் விசை சரியாக அழுந்துவதில்லை. 2008-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஐபெர்க் குழு உட்படப் பல குழுக்கள் இந்த இடத்தை அடையாளம் கண்டன. ஒரு கண்ணில் செல்லே வரவில்லை, மற்றொன்றில் செல் வந்தும் வேலை செய்யவில்லை; வெளிச்சத்தைப் பொறுத்தவரை முன்பகுதி வெறுமையாக இருப்பது ஒன்றே கணக்கு என்பதால் இரண்டுமே நீலமாகத் தெரிகின்றன.

நீலக் கண் ஒடுங்கு பண்பு, நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் குழந்தை பிறக்காது என்று பள்ளியில் கற்பித்த பாடம் இதனால் பாதி உண்மைதான். 2021-இல் ஏறக்குறைய 1,95,000 பேரை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, கண்ணின் நிறத்தோடு தொடர்புடைய 50 புதிய மரபணு இடங்களைக் கண்டறிந்தது. ஹெர்க்2-இல் மாறிய அந்த எழுத்து தெற்காசியர்களிடமும் குறைந்த அளவில் இருக்கிறது. பழுப்புக் கண் கொண்ட தாய்க்கும் தந்தைக்கும் பூனைக்கண்ணோடு ஒரு குழந்தை பிறப்பதில் எந்தப் புதிரும் இல்லை. கண்ணின் நிறத்தை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையைச் சந்தேகிப்பவர்களுக்கு இதைச் சொல்ல நான் ஒருபோதும் தயங்கியதில்லை.

இனிப் பச்சை. கட்டன் டீயை நீர்க்கக் கலந்தால் பொன் மஞ்சளாகவும், கெட்டியாகப் போட்டால் கறுப்பாகவும் இருக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே சாயம். மெலனினும் அப்படித்தான். அது நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் உறிஞ்சுவதால், மெலிதாக இருக்கும்போது மஞ்சள் கலந்த தேன் நிறம் காட்டும். முன்பகுதியில் கொஞ்சம் மெலனின் மட்டும் இருந்தால், இழைகள் சிதறடித்த நீலமும் மெலனினின் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. கருவியின் கீழ் பச்சைக் கண்ணைப் பார்த்தால் பல நேரங்களில் பச்சை கலைந்துவிடும்: ஓரத்தில் நீலச் சாம்பல், கண்பாவையைச் சுற்றித் தேன் நிறத் திட்டுகள் என்று தனித்தனியே கிடக்கும்.

இந்த நிலை எவ்வளவு நுண்ணிய சமநிலை என்பதைக் கண் அழுத்த நோய்க்குத் தரும் சொட்டு மருந்து ஒன்று காட்டுகிறது. லேட்டனோபிராஸ்ட் என்னும் அந்த மருந்து 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைத் தொடர்ந்து போடும்போது, குறிப்பாகப் பச்சையும் பழுப்பும் கலந்த கண்களில், ஐரிஸ் மெல்ல மெல்லப் பழுப்பாகிறது. நிறமிச் செல்கள் பெருகுவதில்லை. இருக்கும் செல்களே கூடுதல் மெலனினைத் தயாரிக்கின்றன. கண்பாவையைச் சுற்றித் தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் பரவும் அந்த மாற்றம், மருந்தை நிறுத்தினாலும் மறைவதில்லை. நம் ஊரில் பெரும்பாலோருக்கு முன்பகுதி ஏற்கெனவே நிறைந்திருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பூனைக்கண் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு கண்ணுக்கு மட்டும் அந்த மருந்தைப் போட்டு வந்தவர், ஒன்றரை ஆண்டு கழித்து வந்தபோது இரண்டு கண்களும் இரண்டு நிறத்தில் இருந்தன. ஒருகண்ணில் மட்டும் போடுபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இதற்கு நேர் எதிரான திசையில், பழுப்புக் கண்ணை நீலமாக்கித் தருவதாகச் சொல்லும் லேசர் சிகிச்சை குறித்து இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கருத்தளவில் அது சரியானதே: முன்பகுதியின் மெலனினைச் சிதைத்துவிட்டால் உள்ளே இருக்கும் நீலம் வெளிப்படும். ஆனால் சிதைந்த நிறமித் துகள்கள் கண்ணுக்குள்தான் மிதக்கும். கண்ணின் உட்திரவம் வடியும் சல்லடை போன்ற வாயில் ஐரிஸின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதில் இந்தத் துகள்கள் அடைத்துக்கொண்டால் கண் அழுத்தம் உயரும், அதனால் பார்வை நரம்பு சேதமடையலாம். அப்படிப் போகும் பார்வை திரும்பி வராது. எனவே வேண்டாம் என்றே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆறு மாதங்கள் கழித்து அந்தக் குழந்தை மீண்டும் வந்தாள். காதுகளில் கருவிகள் இருந்தன. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் பிறக்கும்போது நீலமாக இருக்கும் கண் பின்னர் பழுப்பாகும் என்று யாரோ சொன்னார்களாம். இவளுக்கும் அப்படி மாறுமா என்று தாய் கேட்டாள். அந்தக் குழந்தைகளின் கண்ணில் செல்கள் ஏற்கெனவே வந்து காத்திருக்கின்றன, பிறந்த பிறகு சில மாதங்களில் மெலனினைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. இவளுக்கு அந்தச் செல்களே வந்து சேரவில்லை என்பதால் மாறாது என்றேன். அவள் அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்கும் இது வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றும், கண் எந்த நிறத்தில் இருந்தாலும் பிறந்த முதல் மாதத்திலேயே காதுப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்றும் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை, அப்பத்தாதான் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.